முப்பத்தொண்டு என்று எழுதிய ஓடர்

எங்கட பலகாரக் கடை அஜின்கோர்ட்டில் ஒரு பிளாசாவின் பின்பக்க மூலையில் இருக்கிறது. முன்பக்கத்தைப் பல் டொக்டரும் வரிக் கணக்கு செய்கிறவரும் பிடித்துவிட்டார்கள். எங்களுக்குப் பலகை வைக்கக்கூட இடமில்லை. அதனால் ஒன்றும் குறையவில்லை. எண்ணெய் மணத்தைப் பிடித்துக்கொண்டு சனம் வந்துசேரும். என்ரை சீனி அரியதரத்தைப் பற்றி நானே புழுகக் கூடாது. மற்ற ஆட்கள் புழுகினால் மறுத்துக் கதைக்கிற பழக்கமும் எனக்கில்லை.

நான் படித்தது கொஞ்சம். தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பேன், மெல்ல எழுதுவேன். இங்கிலீசில் கையெழுத்து வைப்பேன், அவ்வளவுதான். ஓடர் முழுவதும் முந்தி என்ரை தலைக்குள்ளேதான் இருந்தது. கடை பெருக்கத் தலை போதாமல் போனது. மகள்தான் என்னோடு கடையை நடத்துகிறவள். அவள் யாரையோ பிடித்து ஒரு வெப்சைட் செய்வித்தாள். அதில் ஓடர் எழுத ஒரு ஃபோம், அதாவது நிரப்புகிற படிவம், இருந்தது. ஆட்கள் எழுதி அனுப்பினால் மகளின் போனுக்கு ஈமெயிலாக வரும். வந்தால் வந்ததுதான். வராவிட்டால் அது எங்கே போனதென்று ஒருவருக்கும் தெரியாது.

ஒரு ஞாயிறு விடிய ஒரு பொம்பிளை குடிபுகுதலுக்கு மோதகம் எடுக்க வந்து நிற்கிறா. சேலை உடுத்து, காரை ஸ்டார்ட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறா. நாங்கள் அவவைப் பார்க்கிறோம், அவ எங்களைப் பார்க்கிறா. மோதகம் இல்லை. ஈமெயில் வரவில்லை. அவ போன பிறகு நானும் மகளும் வாய்ச்சண்டை.

"உதுக்குத்தான் நான் போனிலை கதைச்சு எடுக்கச் சொன்னனான்" என்றேன்.

"போனிலை எடுத்து நீங்கள் மறந்ததுகளையும் சொல்லட்டோ?" என்றாள் மகள்.

அந்த நேரம் கவுண்டருக்கு அங்கால் ஒரு பிள்ளை சிரித்தது.

அந்தப் பிள்ளை தமிழ்நாடு, கோயம்புத்தூர்ப் பக்கம். மோர்னிங்சைட்டில் புருசனோடு இருக்கிறாள். டவுன்டவுனில் ஒரு கொம்பனியில் கொம்பியூட்டர் வேலை. முதல்நாள் வந்தபோது "பணியாரம் இருக்கா?" என்று கேட்டாள். நான் பயத்தம் பணியாரத்தைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தேன். திறந்து பார்த்துவிட்டு, "அம்மா, இது உருண்டை!" என்றாள். "பணியாரமெண்டுதானே கேட்டனீர், உதுதான் பணியாரம்" என்றேன். அவளுடைய ஊரில் பணியாரம் என்றால் குழிச்சட்டியில் சுடுகிறதாம். ஒன்றைக் கடித்துப் பார்த்தாள். பிறகு இரண்டு பெட்டி வாங்கிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் வருவாள்.

அன்றைக்கு அவள், "அக்கா, அந்த ஃபோமை நான் ஒரு தடவை பார்க்கலாமா?" என்று மகளிடம் கேட்டாள். மகள் லப்டொப்பைத் திருப்பிக் கொடுத்தாள். பிள்ளை நின்றபடியே எதையோ தட்டித் தட்டிப் பார்த்தாள்.

"இது மெயில் மட்டும்தான் அனுப்புது. எங்கயும் சேர்த்து வைக்கல. மெயில் ஸ்பாம்ல போய் விழுந்தா, ஓடர் போச்சு."

"எழுதி வைக்காத கணக்குப்பிள்ளை மாதிரி" என்றேன்.

"அதேதாம்மா!" என்று பிள்ளை என்னைப் பார்த்தாள். அவளுக்கு என்னைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். எனக்கு அவளைப் பிடித்தது இன்னும் கொஞ்சம் பிந்தி.

வேர்ட்பிரஸ் என்கிறதுதான் எங்கட வெப்சைட் ஓடுகிற யந்திரம் என்று சொன்னாள். அதற்குப் புதுவேலை ஒன்று பழக்கவேண்டும் என்றால் ஒரு பிளகின் எழுதிப் பொருத்தவேண்டும். இடியப்ப உரலுக்கு முறுக்கு அச்சு மாற்றிப் போடுகிறது மாதிரி என்று நான் விளங்கிக்கொண்டேன். உரல் அதே உரல். அச்சு வேறு.

"கடையிலை வாங்க ஏலாதோ அந்த அச்சை?" என்று மகள் கேட்டாள்.

"ரெடிமேடா நிறைய இருக்கு அக்கா. ஆனா அம்மாவோட சட்டம் எல்லாம் அதுல உக்காராது. நானே எழுதிடறேன். சனி ஞாயிறு எனக்கு ஃப்ரீதான்."

சும்மா வேலை வாங்குகிற வழக்கம் என்னிடம் இல்லை. கூலி என்னவென்று பேசித் தீர்த்த பிறகுதான் தொடங்க விட்டேன்.

அதன் பிறகு வந்த ஞாயிறுகளில் அவள் செய்தது எழுத்து வேலை இல்லை, கேள்வி. குசினிக்குள் மா வாளியின் மேல் ஏறி இருந்துகொண்டு கேட்பாள். அரியதரத்துக்கு ஏன் இரண்டு நாள் முந்திச் சொல்லவேண்டும்? மாவை இடித்துப் பாகில் குழைத்து ஒரு இரவு வைத்தால்தான் வாயில் கரையும், பிறகுதான் பொரிக்கலாம் என்றேன். வடை இருபத்தைந்துக்குக் குறைய ஏன் எடுப்பதில்லை? சின்னத் தொகைக்கு உழுந்து அரைத்தால் கிரைண்டரின் சுவரிலேயே பாதி ஒட்டிப்போகும் என்றேன். செவ்வாயில் ஒருவர் கேட்டால்? செவ்வாய் கடை பூட்டு, ஓடர் எழுதலாம், ஆனால் செவ்வாய்க்கு எடுக்கேலாது என்றேன். எல்லாவற்றையும் கேட்டு, நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லி, "சரியாம்மா?" என்பாள். என்ரை சொந்தப் பிள்ளைகள் ஒருவரும் என்னை இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. மகள் பக்கத்தில் நிற்கிறபோதுதான் இதை எழுதுகிறேன், அவளுக்குத் தெரியட்டும்.

ஒரே ஒரு இடத்தில்தான் நானும் பிள்ளையும் முரண்பட்டோம். என்ன விசேசத்துக்கு ஓடர் என்று கேட்கிற பெட்டி. அதைக் கேட்டால்தான் எனக்கு வசதி. கலியாணத்துக்கு வேறு அளவு, கோயிலுக்கு வேறு அளவு, வெங்காயம் போடலாமோ கூடாதோ என்பதும் அதில் இருக்கிறது. பிள்ளை அதை இறங்குகிற பட்டியலாக வைக்கப் பார்த்தாள். பிறந்தநாள், கலியாணம், குடிபுகுதல் என்று ஒன்றைத் தொட்டுத் தெரிவு செய்யவேண்டும்.

"அப்ப செத்தவீட்டுப் பலகாரம்?" என்று கேட்டேன்.

"அதையும் லிஸ்ட்ல சேர்த்திடலாம்மா."

"சேர்க்கேலாது. ஒரு தாய் தன்ரை குஞ்சின்ரை முதல் பிறந்தநாளுக்கு ஓடர் எழுத வாறாள். பட்டியலை இறக்கினா பிறந்தநாளுக்குக் கீழை அந்தியேட்டி எண்டு கிடக்கும். அவள் என்ன நினைப்பாள்? இன்னொருத்தி தாய் செத்து எழுத வாறாள், அவளுக்குக் கலியாணத்தைக் காட்டப் போறியோ? வெறும் பெட்டியா விடு. அவையவை தங்கட தங்கட வாயாலை எழுதட்டும்."

பிள்ளை கொஞ்சம் யோசித்தாள். பட்டியல் என்றால் கொம்பியூட்டருக்குச் சுகம், வெறும் பெட்டி என்றால் எவரும் எதையும் எழுதுவார்கள் என்று சொன்னாள். சொல்லிவிட்டு, "ஆனா நீங்க சொல்றது சரிம்மா" என்று வெறும் பெட்டியாகவே விட்டாள்.

முதலில் அவள் தன் லப்டொப்புக்குள்ளேயே எங்கட வெப்சைட்டின் நகல் ஒன்றை வைத்து அதில்தான் ஓட்டிப் பார்த்தாள். கடைக்குப் போகிறதுக்கு முந்தி வீட்டில் ஒரு ஈடு சுட்டுப் பார்க்கிறது மாதிரி. பிறகு ஒருநாள் கடைக்குள் வைத்துப் பொருத்தினாள். நானும் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். பிளகின் என்றால் ஏதோ பெட்டி வரும் என்று நினைத்தேன். ஒரு சின்னக் கோப்புறைதான். அதை ஏற்றிய உடனே பிளகின் பட்டியலில் எங்கட கடைப் பேரோடு ஒரு வரி வந்தது. "இயக்கு" என்று ஒரு சொல். அதை என்னை அழுத்தச் சொன்னாள். அழுத்தினேன்.

"இப்ப டேட்டாபேஸ்ல உங்க ஓடருக்குன்னே ஒரு டேபிள் உருவாயிருக்கும்மா. இனிமே யார் எழுதினாலும் முதல்ல அதுல ஒரு வரியாப் போய் உக்காரும். உக்காந்த அப்புறம்தான் அக்காவுக்கு மெயில் போகும். மெயில் வராட்டியும் வரி இருக்கும்."

"முதல் வைக்கிறது, பிறகு சொல்லுறது."

"ஆமாம்மா. வரிசை ரொம்ப முக்கியம்."

வெப்சைட்டின் ஓடர்ப் பக்கத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் ஒரேயொரு சொல்லை எழுதினாள். பக்கத்தைத் திறந்தபோது அந்தச் சொல்லு நின்ற இடத்தில் முழு ஃபோமும் நின்றது. பலகாரங்களின் பேர் தமிழில், பக்கத்தில் எத்தனை என்று பெட்டி, திகதி, பேர், போன் நம்பர், என்ன விசேசம். செவ்வாயைத் தொட்டால் "செவ்வாய் பூட்டு" என்று சொன்னது. வடை பத்து என்று போட்டால் ஏற்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. நான் வாயால் சொல்லிச் சொல்லிக் களைத்ததை அது முகம் சுளிக்காமல் சொல்லுகிறது.

உள்ளே வருகிற எழுத்தை ஒருதரம் துப்புரவாக்கி வைக்கிறாளாம். எங்களுக்குக் காட்டும்போது இன்னொருதரம் பார்த்துத்தான் காட்டுகிறாளாம். யாராவது பொல்லாத ஆள் ஓடர்ப் பெட்டிக்குள் களவாய் ஒரு கட்டளையை எழுதி அனுப்பினாலும் அது வெறும் எழுத்தாகத்தான் கிடக்குமாம். "ஏன் ரெண்டு தரம்?" என்று மகள் கேட்க, நான் முந்திக்கொண்டேன். உழுந்தை ஊறப்போட முந்தியும் கல்லுப் பார்க்கிறோம், அரைக்க முந்தியும் பார்க்கிறோம். பல்லு ஆருடையதோ!

சில கிழமை நல்லாய்ப் போனது. ஓடர்ப் பட்டியல் மகளின் லப்டொப்பில், பிறகு குசினிச் சுவரில் மாட்டின ஒரு டப்லெட்டில். நான் மற்றக் கடைக்காரிகளுக்கும் கோயிலில் கண்டவர்களுக்கும் சொன்னேன், எங்களிடம் ஒரு ஓடரும் தவறாது என்று. தவறாது என்ற சொல்லை வேண்டுமென்றே அழுத்திச் சொன்னேன்.

பிறகு ரோபோக்கள் வந்தன. மனிசர் இல்லை, யந்திரங்கள். ஃபோம் எங்கே கண்டாலும் நிரப்பி அனுப்புகிற வேலையாம் அதுகளுக்கு. ஒன்று ரஷ்ய எழுத்தில் எழுதியது. ஒன்று ஐந்து லட்சம் வடை கேட்டது. "உழுந்து காணாது" என்றேன் மகளிடம். பிள்ளை வந்து ஃபோமுக்குள் மனிசர் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டி வைத்தாள். ரோபோ குருடு, இருக்கிற எல்லாப் பெட்டியையும் நிரப்பும். அந்தப் பெட்டியில் எழுத்து வந்தால் அது ரோபோ. முக்கால்வாசி அதில் பிடிபட்டன. மிச்சம் கொஞ்சம் அந்தப் பெட்டிக்குத் தப்பி வந்தன. வந்தவற்றைப் பார்த்தால், விசேசம் என்ற பெட்டியில் வெறும் இலக்கங்களாகவே எழுதியிருந்தன. பிள்ளை இன்னொரு சட்டம் சேர்த்தாள்: விசேசம் வெறும் இலக்கம் என்றால் அது குப்பை. மகளுக்கு மெயில் போகாது. பட்டியலிலும் வராது. ஆனால் எழுதியவருக்கு வழக்கம்போல நன்றியும் நம்பரும் காட்டும், தான் பிடிபட்டதை ரோபோ அறியக் கூடாது என்று.

"குப்பையெண்டா அழிச்சுவிடன்" என்றாள் மகள்.

"அழிக்க வேணாம் அக்கா. அதே டேபிள்ல 'குப்பை'ன்னு குறி போட்டு ஓரமா இருக்கட்டும். எறிஞ்சது திரும்ப வராதே."

நாங்களும் அரிசி புடைத்தால் கழிவை ஒருக்கால் துழாவிப் பார்த்துத்தான் கொட்டுகிறது. எனக்கு அது நியாயமாய்ப் பட்டது.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் கடையில் ஆள் இல்லை. போன் அடித்தது. மகள் எடுத்து ஸ்பீக்கரில் வைத்தாள், கையெல்லாம் மா. வயது போன ஒரு ஐயாவின் குரல்.

"பிள்ளை, சனிக்கிழமை விடிய என்ரை பலகாரம் எடுக்க எத்தனை மணிக்கு வரலாம்?"

மகள் டப்லெட்டைப் பார்த்தாள். கீழே தள்ளினாள், மேலே தள்ளினாள். "ஐயா, உங்கட பேரிலை சனிக்கிழமைக்கு ஒண்டும் இல்லையே."

"இருக்கு பிள்ளை. கொம்பியூட்டரிலைதான் எழுதினனான். நன்றி எண்டு வந்தது. நம்பரும் வந்தது, நான் எழுதி வைச்சிருக்கிறன்."

"வேறை கடையா இருக்குமோ ஐயா?"

அந்தப் பக்கம் கடதாசி புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அவர் மெல்லச் சொன்னார். "இருக்கலாம். உதெல்லாம் மனுசிதான் செய்யிறவ. எனக்குப் பழக்கமில்லை. இதுதான் நான் தனிய செய்த முதல் வேலை. பிழைவிட்டிட்டன் போலை." கொஞ்சம் பொறுத்து, "சீனி அரியதரம் அவவுக்கு நல்ல விருப்பம். உங்கட கடைதான் வேணுமெண்டு சொல்லுவா. சரி, பறவாயில்லை பிள்ளை."

பறவாயில்லை என்று அவர் சொன்ன விதம் எனக்கு நெஞ்சுக்குள் போய்க் குத்தியது. நான் மகளிடமிருந்து போனைப் பறித்தேன். "ஐயா, போனை வையாதேங்கோ. அந்த நம்பரைச் சொல்லுங்கோ." சொன்னார். "ஒரு பத்து நிமிசம் தாங்கோ. நான் திருப்பி எடுக்கிறன்."

வியாழன் பின்னேரம். இப்போது அரிசி ஊறப்போட்டால் இரவுக்குள் இடித்துக் குழைத்து வைக்கலாம். வெள்ளி பொரிக்கலாம். சனி விடிய கொடுக்கலாம். வெள்ளிதான் தொடங்குகிறது என்றால் என்னாலும் ஏலாது, எவராலும் ஏலாது. சனிக்கிழமை அந்த மனிசனின்ரை கையில் மனுசிக்குப் பிடித்த பலகாரம் இருக்குமோ இல்லையோ என்பது அந்தப் பத்து நிமிசத்தில் இருந்தது. அதைவிட, தான் பிழைவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டு அந்த நாளைக் கழிக்கப் போகிறாரே என்பது.

பிள்ளைக்குப் போன் எடுத்தேன். கூட்டத்தில் இருந்தவள் வெளியே வந்துதான் கதைத்தாள். நம்பரைச் சொன்னேன். "ஒரு நிமிஷம்மா" என்றாள். எனக்குத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"அம்மா. இருக்கு."

"எங்கை இருக்கு?"

"குப்பைல இருக்கு. சீனி அரியதரம் அம்பது, வடை அம்பது, மோதகம் அம்பது, சனிக்கிழமை. பேரு, போன் நம்பர் எல்லாம் சரியா எழுதியிருக்கார். விசேஷம்ன்ற இடத்துல வெறும் முப்பத்தி ஒண்ணுன்னு இலக்கத்துல போட்டிருக்கார். அதான் என் சட்டம் பிடிச்சிருச்சு. எத்தனைன்னு போட வேண்டியதை மாத்திப் போட்டுட்டாரோ? முப்பத்தி ஒண்ணுன்னா என்னம்மா?"

நான் அரிசிச் சாக்கைக் கிட்ட இழுத்து அவிழ்த்தேன்.

எங்கட சனத்துக்கு முப்பத்தொண்டு என்றால் இலக்கமே இல்லை. ஆள் செத்து முப்பத்தோராம் நாள். "எப்ப முப்பத்தொண்டு?" என்று கேட்டால் சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். "முப்பத்தொண்டுக்கு வாங்கோ" என்பார்கள். எட்டு என்றால் எட்டுச் செலவு. அந்தியேட்டி என்று நீட்டி எழுத ஆருக்கு மனம் வரும்? இலக்கத்தோடு நிற்பாட்டிவிடுவார்கள்.

"அவரின்ரை மனுசி மோசம் போய் முப்பத்தோராம் நாள், பிள்ளை. அதைத்தான் எழுதியிருக்கிறார்."

 அவளுடைய ஊரில் பதினாறாம் நாளாம், அதைப் பிறகு சொன்னாள். அவளுக்கு இது எப்படித் தெரியும்? நான்தான் வெறும் பெட்டி வேண்டுமென்றவள். எனக்கும் அந்தச் சட்டம் தெரிந்துதான் இருந்தது. வெறும் இலக்கம் குப்பை என்று அவள் சொன்னபோது நானும் தலையாட்டினேன், எங்கட வாயில் நாளும் பொழுதும் வருகிற சொல்லு அதுதான் என்று எனக்கே உறைக்கவில்லை.

நான் இதைச் சொல்ல வாயெடுக்க முந்தி அவள் சொன்னாள். "அம்மா, அவர் சரியாத்தான் எழுதியிருக்கார். தப்பு என் ப்ரோக்ராம்ல. நான் அவர்கிட்ட பேசலாமா?"

"அது என்ரை கடை. நான்தான் சொல்லவேணும்."

"சரிம்மா. ஆனா அவர் கொம்பியூட்டர்ல தப்பு பண்ணிட்டதா நெனச்சிட்டிருக்கார் இல்லையா. அதை எழுதினவ சொன்னாத்தானே நம்புவார்?"

சரியென்று மகளுக்குக் கைகாட்டினேன். மகள் மூன்று போனையும் ஒன்றாய் இணைத்தாள். பிள்ளை கதைத்தாள். "ஐயா, அந்த ஃபோம் எழுதினது நான்தான். உங்க ஓடர் எங்ககிட்ட பத்திரமா வந்திருக்கு. ஒரு எழுத்துகூட தப்பில்ல. நீங்க எழுதினது என் ப்ரோக்ராமுக்குப் புரியல. அது என் தப்பு. மன்னிச்சிடுங்க."

"அப்ப நான் சரியாத்தான் செய்தனானோ?" என்று ஐயா கேட்டார்.

"நூத்துக்கு நூறு, ஐயா."

அவர் சிரித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. "மனுசி இருந்திருந்தா நம்பியிருக்க மாட்டா" என்றார்.

என்ரை வாழ்க்கையில் படித்த ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிழை தங்களுடையது என்று வெள்ளையாய்ச் சொல்லுகிற ஆட்கள் குறைவு. சொன்னாலும் வாலில் ஒரு "ஆனால்" தொங்கும். பிள்ளையின் பேச்சில் ஆனால் இல்லை. வெறும் பெட்டி கேட்டது கடைக்காரி என்று சொல்லியிருக்கலாம், அது பொய்யுமில்லை. சொல்லவில்லை. அரிசியை ஊறப்போட்டுக்கொண்டு நான் அதையே நினைத்துக்கொண்டு நின்றேன். இன்னொன்றும் நினைத்தேன். அவள் குப்பையை எறிகிற ஆளாய் இருந்திருந்தால், நன்றியும் நம்பரும் காட்டின அந்த ஓடர் எங்கேயும் இருந்திராது. ஐயா வேறு கடை என்றே நம்பியிருப்பார்.

சனி விடிய ஐயா வந்தார். மெல்லிய ஆள், நல்லாய் அயன் பண்ணின சட்டை. பெட்டியை வாங்கி மூடியைக் கொஞ்சம் உயர்த்தி மணந்து பார்த்தார். "அவவின்ரை பதம்" என்றார். என்ரை பதத்தை இன்னொருத்தியின்ரை பதம் என்று ஆரும் சொன்னால் நான் விடமாட்டேன். அன்றைக்கு விட்டேன்.

ஞாயிறு பிள்ளை வந்தாள். வந்தவள் மேசையில் லப்டொப்பை வைத்தாள், அன்றைக்குப் பணியாரமும் கேட்கவில்லை. வெறும் இலக்கம் குப்பை என்ற சட்டத்தைக் கழற்றி எறிந்தாள். இனி ரோபோவைப் பிடிக்க வேறு வழி: ஃபோம் திறந்து இரண்டு மூன்று செக்கனுக்குள் எல்லாம் நிரப்பி வந்தால் அது மனிசர் இல்லை. "எங்கட ஆக்கள் பேர் எழுதவே அரை மணித்தியாலம் எடுப்பினம், பயமில்லை" என்றாள் மகள். குப்பைக்கும் இனிமேல் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒரு தனிப் பக்கம், எத்தனை கிடக்கிறது என்று சிவப்பு இலக்கத்தோடு. தினமும் ஒருவர் கட்டாயம் துழாவிப் பார்க்கவேண்டும் என்று சொன்னாள். அந்த வேலையை நான் எடுத்தேன்.

"விசேசத்துக்குப் பட்டியல் வைக்கப் போறியோ?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. வெறும் பெட்டிதான் சரி. நான்தான் அதை ஒழுங்காப் படிக்கக் கத்துக்கணும்."

தன்ரை நகலில் ஓட்டிப் பார்த்து முடித்து, எங்கட வெப்சைட்டிலும் ஏற்றினாள். "இப்ப நிஜமா ஒரு ஓடர் போட்டுப் பார்க்கணும். விசேஷம் முப்பத்தி ஒண்ணு. பேரு என்ன போட?"

"ஏதோ டெஸ்ட் எண்டு போடுங்கோ" என்றாள் மகள்.

"நில்லு" என்றேன். "முப்பத்தொண்டைச் சும்மா ஒரு பேரிலை போடக்கூடாது. விளையாட்டில்லை உது."

பிள்ளை கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டாள். சுடுசட்டியைத் தொட்டவள் மாதிரி.

நான் யோசித்தேன். "ஓடர் குடுக்கிற ஆளின்ரை பேர்தானே வேணும்? மகளின்ரை பேரைப் போடு."

"என்ரை பேரோ?" என்றாள் மகள். "அப்ப ஆருக்கு முப்பத்தொண்டு?"

"எனக்குத்தான். வேறை ஆருக்கு? வயசு ஆருக்குப் போயிருக்கு?"

"அம்மா, வாயை மூடுங்கோ."

பிள்ளை என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "அம்மா, வேணாம்மா, நான் வேற ஏதாவது..."

"எழுது பிள்ளை. எனக்கு ஒரு பயமுமில்லை. சீனி அரியதரம் நூறு எண்டு போடு."

 மகள் மா பிசைகிற கையை நிற்பாட்டவில்லை. பிறகு திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "நூறு காணாது. உங்களுக்கு வாற சனத்துக்கு இருநூறு வேணும்."

"அப்பிடி வா வழிக்கு" என்றேன். பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இருநூறு என்று போட்டாள். விசேசம் என்ற பெட்டியில் மூன்று, ஒன்று. அனுப்பு.

மகளின் போன் கிணுங்கியது. சுவரில் இருந்த டப்லெட்டில் மேலே ஒரு புது வரி வந்து உட்கார்ந்தது. குப்பைப் பக்கத்தில் ஒன்றுமில்லை. பிள்ளை இரண்டு கையையும் தூக்கினாள், பந்து அடித்த பெடியள் மாதிரி.

மகள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அந்த வரியை முழுக்க வாசித்தாள். வாசித்துவிட்டு, "போதும் உது" என்று தானே அழித்தாள். உண்மையாகவே அழிக்கவா என்று கொம்பியூட்டர் கேட்டதற்கு, ஓம் என்று பலமாய் அழுத்தினாள்.

"அப்ப என்ரை நம்பர்?" என்று பிள்ளையிடம் கேட்டேன். "அடுத்த ஓடர்க்காரனுக்குப் போயிடுமோ?"

"போகாதும்மா. ஒருத்தருக்குக் குடுத்த நம்பரை டேபிள் வேற யாருக்கும் திரும்பக் குடுக்காது. அடுத்த ஓடர் அடுத்த நம்பர்லதான் வரும். உங்க இடம் காலியாவே இருக்கும்."

நல்ல ஒழுங்கு என்று சொன்னேன். மகள், "ஆறுதலா இருக்கட்டும், ஒரு அவசரமுமில்லை" என்றுவிட்டு மாவுக்குத் திரும்பினாள்.